ஈறும் நாக்கும் சொல்வதைப் படிப்பது எப்படி: வாயில் தெரியும் ரத்தசோகை, படிப்படியாக

வட சென்னையில் ஒரு சின்ன பல் கிளினிக் வைத்திருக்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடமும், வீட்டில் அம்மாவின் வாயை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வாட்ஸப்பில் போட்டோ அனுப்புகிறவர்களிடமும் ஒரே தவறைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எல்லாரும் நேரே ஈறைப் பார்க்கிறார்கள். அது கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் "நார்மல்தான்" என்று முடித்துவிடுகிறார்கள், கொஞ்சம் வெளுத்திருந்தால் உடனே இரும்புச்சத்து டானிக் வாங்கிவிடுகிறார்கள். இரண்டுமே தப்பு. எந்த வரிசையில் பார்க்கவேண்டும், எது ஏமாற்றும், அப்புறம் எந்த ரத்தப் பரிசோதனை என்று இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. வாயைப் பார்த்து ஹீமோகுளோபின் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. 11, 10 என்று லேசாகக் குறைந்திருக்கும்போது வெளுப்பு கண்ணுக்குத் தெரியாமலே போகும். நன்றாகத் தெரிகிற வெளுப்பு பெரும்பாலும் 8-க்குக் கீழே போனபிறகுதான். அதனால் "வெளுக்கவில்லை, அப்போ சோகை இல்லை" என்ற முடிவுக்கு மட்டும் வராதீர்கள். நாக்கு அப்படியில்லை, ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே சில சமயம் காட்டிக்கொடுத்துவிடும்.

1. பார்ப்பதற்கு முன்னால்

பகல் வெளிச்சம் வேண்டும். ஜன்னல் பக்கம் அல்லது பால்கனியில் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எல்லா வாயும் ஆரோக்கியமாகத் தெரியும், செல்போன் டார்ச்சை நேராக அடித்தால் எல்லா வாயும் வெளுத்துத் தெரியும். டார்ச் வேண்டுமென்றால் பக்கவாட்டில் இருந்து அடியுங்கள். நாக்கின் மேடுபள்ளம் அப்போதுதான் நிழலோடு தெரியும்.

காபி, வெற்றிலை, கலர் மிட்டாய் எதுவானாலும் சாப்பிட்டு அரைமணி நேரமாவது போகட்டும். காலையில் நாக்கு வழித்த உடனேயும் பார்க்காதீர்கள், வழித்த இடம் சிவந்திருக்கும். பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். செட்டுக்கு அடியில்தான் பாதி விஷயம் ஒளிந்திருக்கும்.

இன்னொன்று, அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையெல்லாம் மேஜைமேல் எடுத்து வையுங்கள். ஏன் என்று ஆறாவது படியில் தெரியும்.

2. ஈறில் தொடங்காதீர்கள்

நம் ஊர்க்காரர்களில் பலருக்கு ஈறில் இயற்கையாகவே கறுப்போ பழுப்போ நிறம் படிந்திருக்கும். தோல் நிறம் மாதிரிதான் அது, நோயில்லை. ஆனால் அதற்கு அடியில் ரத்தம் குறைந்திருந்தாலும் தெரியாது. அதனால் நிறம் படியாத இடத்தில் தொடங்கவேண்டும்.

என் வரிசை இது. முதலில் கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கம் பாருங்கள். அடுத்து கீழுதட்டை வெளியே மடித்து அதன் உள்பக்கம். மூன்றாவதாக நாக்கைத் தூக்கச் சொல்லி அடிப்பக்கம், அப்புறம் அண்ணத்தின் பின்பகுதி, அதாவது உள்நாக்கு தொங்கும் மென்மையான இடம். கடைசியில்தான் ஈறு. ஒரே இடம் வெளுத்திருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டேன். இமை, உதடு, நாக்கடி மூன்றும் சேர்ந்து வெளுத்திருந்தால்தான் அர்த்தம்.

புதிதாகப் பார்ப்பவர்கள் இங்கே செய்யும் தவறு, அழுத்திப் பிடிப்பது. உதட்டை இறுக்கி இழுத்தால் ரத்தம் ஒதுங்கி அந்த இடமே வெளுக்கும். நீங்களே வெளுக்கவைத்துவிட்டு "ஐயோ வெளுத்திருக்கே" என்கிறீர்கள்! மடித்து, விட்டு, இரண்டு மூன்று விநாடி கழித்துப் பாருங்கள். ஒப்பிட உங்கள் உதட்டையே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், நீங்களும் சோகையாக இல்லாத பட்சத்தில்.

3. நாக்குக்குத்தான் அதிக நேரம் கொடுக்கவேண்டும்

புது டர்க்கி துண்டைத் தடவிப்பாருங்கள், நூல் நூலாக நிற்கும். பத்து வருஷம் துவைத்த பழைய துண்டு வழுவழுவென்று இருக்கும். நாக்கும் அப்படித்தான். மேற்பரப்பு முழுக்க நூல் மாதிரி மெல்லிய மொட்டுகள் நெருக்கமாக நிற்கின்றன, சொரசொரப்பும் லேசான வெண்மையும் அவற்றால்தான். இந்த மொட்டுகளின் செல்கள் வேகமாகப் புதுப்பித்துக்கொண்டே இருப்பவை. புது செல் உருவாக இரும்பும் பி12-ம் ஃபோலிக் ஆசிடும் வேண்டும். சரக்கு தட்டுப்பட்டால் முதலில் நிற்பது வேகமாக ஓடும் மெஷின்தானே. அதனால்தான் நாக்கு முந்திக்கொள்கிறது.

மொட்டுகள் தேய்வது பெரும்பாலும் நுனியிலும் இரு ஓரங்களிலும் தொடங்கி நடுவுக்கு வரும். ஆகவே நடுவைப் பார்த்துவிட்டு நகராதீர்கள். நாக்கைத் தளர்வாக, பாதியளவு நீட்டச் சொல்லுங்கள். முழுபலத்தோடு நீட்டினால் நுனி வெளுத்து வழுவழுப்பாகத் தெரியும், அது பொய். அப்புறம் சுத்தமான துணியால் நுனியைப் பிடித்து இடது, வலது என்று மெல்லத் திருப்பி ஓரங்களைப் பாருங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி மினுமினுக்கிற திட்டு இருந்தால் அங்கே மொட்டு இல்லை.

நிறத்தையும் கவனியுங்கள். வழுவழுப்பாகவும் வெளுத்தும் இருந்தால் இரும்புச்சத்துக் குறைவின் பக்கம் சந்தேகம் போகும். வழுவழுப்போடு பச்சை இறைச்சி மாதிரி சிவந்து, காரமோ சூடான ரசமோ பட்டால் எரிந்தால் பி12 அல்லது ஃபோலிக் ஆசிட் பக்கம். பி12 குறைவின் ஆரம்பத்தில் நாக்கு முழுக்கத் தேயாமல், ஓரங்களில் சிவப்புக் கோடுகோடாக மட்டும் தெரிவதும் உண்டு. இது திசை காட்டுவதுதான், முடிவு இல்லை. இரண்டும் சேர்ந்தே குறைந்திருப்பவர்கள் நிறையப் பேர், அவர்கள் நாக்கில் இரண்டு நிறமும் கலந்திருக்கும்.

ஏமாற்றும் நாக்குகள் இரண்டைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, சிவப்புத் திட்டைச் சுற்றி வெள்ளை விளிம்பு, தேசப்படம் மாதிரி. இன்று ஓரிடம், அடுத்த வாரம் வேறிடம் என்று நகர்ந்துகொண்டே இருக்கும். இது பலருக்குச் சாதாரணமாக வருவது. போட்டோ எடுத்துவைத்து ஒரு வாரம் கழித்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும், சத்துக் குறைவின் வழுவழுப்பு அப்படி இடம் மாறாது. இரண்டாவது பூஞ்சைத் தொற்று. சர்க்கரை கட்டுப்படாதவர்கள், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்கள், ஆன்டிபயாட்டிக் முடித்தவர்கள் ஆகியோருக்கு நாக்கு சிவந்து தேய்ந்து எரியும். நடு நாக்கின் பின்பகுதியில் மட்டும் வைர வடிவத்தில் ஒரு சிவப்புத் திட்டு இருந்தால் முதலில் பூஞ்சையை நினையுங்கள்.

4. வாயோரம்

உதடுகள் சேரும் இரு மூலைகளும் வெடித்துச் சிவந்து, வாயைத் திறந்தால் வலிக்கிறதா? இரும்பு, பி12, ஃபோலிக் ஆசிட், ரிபோஃப்ளேவின் எனும் பி2, எது குறைந்தாலும் இது வரலாம். ஆனால் வயதானவர்களில் பலருக்குக் காரணம் வேறு. பல்செட் தேய்ந்து வாய் மூடும் உயரம் குறைந்துவிட, மூலையில் மடிப்பு விழுந்து எச்சில் தேங்கி, அதில் பூஞ்சை பிடிக்கும். அவர்களுக்கு பி காம்ப்ளக்ஸ் கொடுத்துக்கொண்டே இருந்தாலும் ஆறாது, செட்டை மாற்றவேண்டும்.

அடிக்கடி வரும் சின்ன வாய்ப்புண்களையும் இதோடு சேர்த்துக் கேளுங்கள். மாதாமாதம் வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னணியில் இந்தச் சத்துக் குறைவு இருக்கும். களிம்பு தடவுவது அன்றைய வலிக்கு மட்டும்தான்.

5. பாக்கு போடுகிறவரா? நிறுத்தி வேறு கண்ணால் பாருங்கள்

சென்னையில் இதைச் சொல்லாமல் இந்த வழிகாட்டி முடியாது. பாக்கு, மாவா, குட்கா பழக்கம் உள்ளவர்களின் வாய் வெளுத்திருக்கும், நாக்கும் மொட்டில்லாமல் இருக்கும், காரம் எரியும். பார்த்தால் அச்சு அசல் சோகை மாதிரி. ஆனால் அது சளிச்சவ்வுக்கு அடியில் நார் இறுகி வெளுப்பது.

வித்தியாசம் விரலில் தெரியும். கையுறை போட்டு கன்னத்தின் உள்பக்கத்தைத் தடவினால் கயிறு மாதிரி இறுகிய பட்டைகள் தட்டுப்படும். அவருடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவில் நுழைக்கச் சொல்லுங்கள். மூன்று நுழையவில்லை என்றால் வாய் திறப்பு குறைந்திருக்கிறது. அதுவும் வெளுப்பு பளிங்கு மாதிரி திட்டுத்திட்டாக, வாயில் மட்டும் இருக்கும். சோகை சேராதவரை கண் இமை சிவப்பாகவே இருக்கும். இவரை டானிக் கொடுத்து அனுப்பக்கூடாது, பல் மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும், ஏனென்றால் இது புற்றுநோயாக மாறக்கூடியது. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்க்கலாம். சோகையும் இவர்களில் பலருக்குச் சேர்ந்தே இருக்கும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

6. கேள்விகள், கூச்சப்படாமல்

கண்ணால் பார்த்ததை உறுதிப்படுத்துவது பேச்சுதான். "நல்லா சாப்பிடறீங்களா?" என்று கேட்டால் "ம், சாப்பிடறேன்" என்பார்கள், அதில் ஒன்றும் கிடைக்காது. நான் இப்படிக் கேட்பேன்.

"அரிசி அள்ளி வாயில போட்டுக்கற பழக்கம் உண்டா அக்கா? பல்பம், விபூதி, ஃப்ரிட்ஜ்ல ஐஸ் கட்டி?" பச்சரிசியையும் ஐஸையும் கடித்துக்கொண்டே இருக்கத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள். அடுத்து மாதவிலக்கு எத்தனை நாள், நாளைக்கு எத்தனை நாப்கின். மூலம் உண்டா, மலம் கறுப்பாகப் போகிறதா. ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் தேடவேண்டும், சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போகக்கூடாது.

அப்புறம் மேஜைமேல் வைத்த மாத்திரைகள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 உறிஞ்சப்படுவது குறையலாம். கேஸ் மாத்திரை என்று நாம் சொல்லும் பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் வகைகளும் அப்படித்தான். பி12 பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் இருக்கிறது, கீரையில் கிடையாது. சைவம், மெட்ஃபார்மின், கேஸ் மாத்திரை மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் நாக்கு எப்படி இருந்தாலும் நான் பி12 பார்க்கச் சொல்வேன்.

கால் மரத்துப்போகிறதா, நடக்கும்போது தடுமாறுகிறதா என்றும் கேளுங்கள். கை விரல் முட்டிகள் சமீபத்தில் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். பி12 குறைந்தால் மாநிறத் தோலில் முட்டிகள் கறுப்பது நம் ஊரில் அடிக்கடி காண்பது.

7. ரத்தம் கொடுத்த பிறகுதான் மாத்திரை

இந்த வரிசை மாறினால் எல்லாம் குழம்பும். பி12 ஊசியோ பி காம்ப்ளக்ஸ் மாத்திரையோ போட்டுவிட்டு பி12 அளவு பார்த்தால், உடம்பில் குறை இருந்தும் ரிப்போர்ட் நன்றாக வந்துவிடும். ஃபோலிக் ஆசிடை மட்டும் தனியாகக் கொடுத்தால் இன்னும் மோசம். சோகை சரியாவது போலத் தெரியும், பி12 குறைவால் நரம்பில் நடக்கும் சேதம் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

எழுதித்தரச் சொல்லவேண்டியவை மூன்று. முழு ரத்த எண்ணிக்கை, உடம்பின் இரும்புக் கையிருப்பைச் சொல்லும் ஃபெரிடின், பி12. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12, ஆணுக்கு 13, இதற்குக் கீழே சோகை. சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. 80-க்குக் கீழே போனால் இரும்பின் பக்கம், 100-க்கு மேலே போனால் பி12, ஃபோலிக் ஆசிட் பக்கம். ஃபெரிடின் 15-க்குக் கீழே என்றால் இரும்புக் கிடங்கு காலி. காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது எடுத்தால் ஃபெரிடின் பொய்யாக ஏறி நிற்கும், அதனால் உடம்பு தேறியபின் கொடுங்கள். எம்.சி.வி. குறைந்து ஃபெரிடின் நன்றாகவே இருந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் மரபுக்கூறு இருக்கலாம், டாக்டர் வேறு பரிசோதனை சொல்வார். அவருக்கு இரும்பை அள்ளிக் கொடுப்பதில் பயனில்லை.

8. ஒரு நாக்கு, ஒரு ரிப்போர்ட்

44 வயதுப் பெண், சைவம், ஆறு வருஷமாக மெட்ஃபார்மின், இரண்டு வருஷமாகத் தினமும் கேஸ் மாத்திரை. வந்த காரணம், "சாம்பார் கூட காரமா இருக்கு டாக்டர், வெறும் தயிர் சாதம்தான் உள்ள போகுது." நான்கு மாதத்தில் மூன்று இடத்தில் வாய்ப்புண் களிம்பு வாங்கியிருக்கிறார். வாயில் ஒரு புண்கூட இல்லை என்பதுதான் வேடிக்கை, யாரும் நாக்கை ஓரமாகத் திருப்பிப் பார்க்கவில்லை.

கண் இமை லேசாக வெளுப்பு. ஈறு பழுப்பு, அதில் ஒன்றும் தெரியவில்லை. நாக்கின் நடுவே மொட்டு இருந்தது, வெளுத்து. இரு ஓரங்களிலும் கட்டைவிரல் அகலத்துக்கு வழுவழுவென்று மினுமினுத்தது, சிவப்பாக. வாயோரம் இடதுபக்கம் ஒரு வெடிப்பு. விரல் முட்டிகளைக் காட்டச் சொன்னேன், கறுத்திருந்தன. "பாத்திரம் தேய்க்கிற பவுடர்ல அப்படி ஆயிடுச்சு" என்றார். மாதவிலக்கு ஏழெட்டு நாள், கட்டி கட்டியாக.

ரிப்போர்ட் வந்தது. ஹீமோகுளோபின் 10.2, எம்.சி.வி. 91. என்னோடு இருந்த பயிற்சி மருத்துவர், "எம்.சி.வி. நார்மல் மேம், இரும்பும் இல்ல பி12-ம் இல்ல" என்று ஃபைலை மூடினார். இதுதான் குழி. இரும்பு குறைந்தால் அணு சின்னதாகும், பி12 குறைந்தால் பெரிதாகும், இரண்டும் குறைந்தால் சின்னதும் பெரிதும் கலந்து சராசரி நடுவில் வந்து நிற்கும். குள்ளனையும் நெட்டையனையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடுத்தர உயரம் வருகிற மாதிரி. அதற்குத்தான் பக்கத்திலேயே ஆர்.டி.டபிள்யூ. என்று ஒரு எண் இருக்கிறது, அணுக்களின் அளவு எவ்வளவு கலைந்திருக்கிறது என்று சொல்லும். வழக்கமாக 14, 15-க்குள் இருக்கும் அது இவருக்கு 19. ஃபெரிடின் 8, பி12 148. பி12 பொதுவாக 200-க்குக் கீழே என்றாலே குறைவு.

பொது மருத்துவர் பி12 ஊசியும் இரும்பு மாத்திரையும் தொடங்கினார், கேஸ் மாத்திரை உண்மையில் தேவையா என்று பார்த்து நிறுத்தினார், அதிக ரத்தப்போக்குக்கு மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினார். மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை, நீங்களாகவும் நிறுத்தாதீர்கள்.

9. மாத்திரை தொடங்கியபின் எதைப் பார்ப்பது

ஒரே இடம், ஒரே வெளிச்சம், வாரம் ஒரு போட்டோ. எரிச்சல்தான் முதலில் குறையும், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள். மேலே சொன்னவர் பத்தாம் நாள் ரசம் சாதம் சாப்பிட்டேன் என்று போன் செய்தார். மொட்டுகள் திரும்ப முளைத்து சொரசொரப்பு வர வாரங்கள் ஆகும். ஹீமோகுளோபின் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 1 முதல் 2 கிராம் ஏறவேண்டும், அவருக்கு 11.5 வந்தது.

ஏறவில்லை என்றால் முதலில் கேட்கவேண்டியது மாத்திரை உண்மையில் உள்ளே போகிறதா என்பது. மலம் கறுக்கிறது, குமட்டுகிறது என்று நிறுத்திவிட்டு வீட்டில் சொல்லாமல் இருப்பார்கள். கறுப்பது மாத்திரையால், பயமில்லை. இரண்டாவது, காபி டம்ளரோடு மாத்திரையை விழுங்குவது. காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எல்லாம் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். எலுமிச்சை ஜூஸோடு போட்டால் நன்றாக உறிஞ்சும். ஹீமோகுளோபின் 12 வந்ததும் நிறுத்துவது மூன்றாவது தவறு. கிடங்கு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது தொடரவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் அதே நாக்கோடு வருவார்கள்.

10. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாதவை

ஈறில் ரத்தம் வருவது பெரும்பாலும் பல்லில் படிந்த அழுக்கால்தான், பல்லைச் சுத்தம் செய்தால் நின்றுவிடும். காய்கறி, பழம் அறவே தொடாதவர்களுக்கு வைட்டமின் சி குறைந்து ஈறு பஞ்சு மாதிரி வீங்கி ஊதா நிறமாவது அபூர்வம், ஆனால் தனியே சமைத்துச் சாப்பிடும் முதியவர்களிடம் பார்க்கலாம். வெளுப்போடு ஈறு திடீரென்று வீங்கி, தொடாமலே ரத்தம் கசிந்து, உடம்பில் அடிபடாமல் கன்றிய தடங்களும் இருந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை, ரத்தப் புற்றுநோய்கூட இப்படித் தொடங்கலாம்.

மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வழுவழு நாக்கோடு சோறு தொண்டையில் நிற்பது போன்ற உணர்வு, கால் மரத்துத் தடுமாறுவது, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் போட்டோ எடுத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கு வாயைப் பார்த்து முடிவெடுக்கும் வேலையே வேண்டாம், பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் காசில்லாமல் பார்த்துவிடுவார்கள்.